அறுவடைக் காசும் கூட்டு வட்டியும்: சின்னச் சேமிப்பைப் பெருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர் மாதர் சங்கத்தின் கணக்குக் கொப்பியைச் சில வருடங்களாக நான் எழுதி வருகிறேன். கிளிநொச்சிப் பக்கம், இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்கள் உள்ள ஊர். ஒரு நாள் கூட்டம் முடிந்த பிறகு ஓர் அக்கா பொலித்தீன் பையிலிருந்து நிலையான வைப்புச் சான்றிதழ் ஒன்றை எடுத்து நீட்டினார். நாலாக மடித்து, மடிப்பு வெளுத்துப் போயிருந்தது. "ஏழு வருசமாப் போட்டிருக்கிறன் தங்கச்சி, இப்ப எவ்வளவு வந்திருக்கும்?" என்று கேட்டார்.

நான் பார்த்தேன். ஒரு லட்சம் ரூபா, அதே ஒரு லட்சமாகவே இருந்தது. வட்டி கொடுக்கும் முறை என்ற இடத்தில் "மாதாந்தம்" என்று அடையாளமிட்டிருந்தது. மாதாமாதம் வந்த அறுநூறு எழுநூறு ரூபா சேமிப்புக் கணக்குக்கு வந்து, அங்கிருந்து கடைச் சாமானுக்குப் போயிருக்கிறது. 8% என்று வைத்துக் கணக்குப் பார்த்தால், வட்டியை எடுக்காமல் விட்டிருந்தால் 171,382 ரூபா ஆகியிருக்கும். அவர் செய்த தவறு என்று ஒன்றுமில்லை. படிவத்தில் ஒரு கட்டம் மாறிவிட்டது, அதை யாரும் விளக்கிச் சொல்லவில்லை.

அந்த அக்காவைப் போல இன்னும் பலரைப் பார்த்துவிட்டேன். அதனால் எந்த ஒழுங்கில் செய்ய வேண்டும், எங்கே சறுக்குகிறது என்பதை இங்கே எழுதுகிறேன். கணக்குகள் எல்லாவற்றுக்கும் வருட வட்டி 8% என்று எடுத்திருக்கிறேன். உங்கள் வங்கி தரும் வீதம் கூடலாம், குறையலாம். வழி மாறாது.

1. தொடங்க முன் கையில் இருக்க வேண்டியவை

அடையாள அட்டை, வதிவிடத்தை உறுதிப்படுத்தும் ஏதாவது ஓர் ஆவணம், வட்டி வந்து விழ ஒரு சேமிப்புக் கணக்கு, ஒரு சீ.ஆர். கொப்பி. பிள்ளையின் பெயரில் போடுவதென்றால் பிறப்புச் சான்றிதழும் வேண்டும்.

இவற்றை விட முக்கியமானது, தொடாமல் வைக்கப் போகும் காசு வேறு, அவசரக் காசு வேறு என்று முதலே பிரித்துக்கொள்வது. ஆஸ்பத்திரிச் செலவு, மோட்டார் பழுது, செத்த வீடு என்று திடீரென்று வருவதற்கு இரண்டு மூன்று மாதச் செலவுக்குரிய காசு சாதாரண சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். அது இல்லாமல் எல்லாவற்றையும் நிலையான வைப்பில் போட்டவர்கள்தான் ஆறாம் மாதம் அதை உடைக்க வருகிறார்கள். காலம் முடிய முன் உடைத்தால் வங்கி வட்டியைக் குறைத்தே தரும்.

2. முதலில் கடன், அப்புறம் சேமிப்பு

கூட்டு வட்டி உங்களுக்காக வேலை செய்வது போலவே உங்களுக்கு எதிராகவும் வேலை செய்யும். எதிர்ப்பக்கத்து வேகம் எப்போதும் கூட.

ஊரில் "நூற்றுக்கு மூன்று" என்று கைமாற்று வாங்குவோம். அது மாத வட்டி. 10,000 ரூபா வாங்கி, வட்டியும் கட்டாமல், கட்டாத வட்டியை முதலோடு சேர்த்துக்கொண்டே போனால் 24 மாதத்தில் 20,328 ரூபா நிற்கும். அதே 10,000ஐ 8% வட்டிக்குப் போட்டு வைத்தவருக்கு அந்த 24 மாதத்தில் 11,664 ரூபாதான் வரும்.

ஆகவே நூற்றுக்கு மூன்று கடனை வைத்துக்கொண்டு வைப்புப் போடுவது, ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவது. கடனை முடித்தாலே அது 36% சேமிப்புக்குச் சமம். வாரக்கடன் எடுத்தவர்களும் தவணைத் தொகையை மட்டும் பார்க்காமல், மொத்தமாக எவ்வளவு திருப்பிக் கட்டுகிறோம் என்று கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

3. கொப்பியில் ஐந்து வரி எழுதிப் பாருங்கள்

வாயால் சொன்னால் யாருக்கும் இது பிடிபடுவதில்லை. கையால் எழுதினால் பிடிபடுகிறது. கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள். வருடத் தொடக்கத்தில் இருந்தது, அந்த வருட வட்டி, வருட முடிவில் இருப்பது. 10,000 ரூபாவுடன் தொடங்குவோம்.

| வருடம் | தொடக்கம் | வட்டி | முடிவு |
|---|---|---|---|
| 1 | 10,000 | 800 | 10,800 |
| 2 | 10,800 | 864 | 11,664 |
| 3 | 11,664 | 933 | 12,597 |
| 4 | 12,597 | 1,008 | 13,605 |
| 5 | 13,605 | 1,088 | 14,693 |

இரண்டாம் வருட வட்டியில் ஒரு 64 ரூபா கூடுதலாக வந்திருக்கிறது, பாருங்கள். அது முதல் வருடம் வந்த 800 ரூபா வட்டி போட்ட குட்டி. கூட்டு வட்டி என்பது இந்த 64 ரூபாதான். வேறு மாயம் ஒன்றுமில்லை.

இங்கே புதியவர்கள் விடும் பிழை ஒன்றுதான். ஒவ்வொரு வரியிலும் பழைய 10,000க்கே வட்டி போடுவார்கள். அப்படிப் போட்டால் அது தனி வட்டி, எந்த வருடமும் 800தான் வரும். முந்தின வரியின் கடைசி எண்ணை அடுத்த வரியின் முதல் எண்ணாக இறக்கி எழுதுங்கள். இந்த ஓர் இறக்கம்தான் முழுக் கணக்கும்.

ஐந்து வருடம் எழுதிவிட்டு "தனி வட்டியென்றால் 14,000, இது 14,693, இதற்கா இவ்வளவு பாடு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஐந்து வருடத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. பத்தாம் வருட முடிவில் 21,589 (தனி வட்டியில் 18,000). இருபதாம் வருட முடிவில் 46,610 (26,000). முப்பதாம் வருட முடிவில் 100,627 (34,000).

முதல் வருடம் 800 ரூபா தந்த அதே காசு, முப்பதாம் வருடம் மட்டும் தருவது 7,454 ரூபா. கடைசி வருடங்கள்தான் கொழுத்த வருடங்கள். தொடக்கத்தில் பத்து வருடம் பிந்தினால் மெலிந்த முதல் பத்து வருடத்தை இழக்கிறோம் என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் கைவிட்டுப் போவது கொழுத்த கடைசிப் பத்து வருடம்.

4. மனக்கணக்குக்கு 72

ஒவ்வொரு தடவையும் கொப்பி எடுக்க முடியாது. 72ஐ வட்டி வீதத்தால் வகுத்தால் காசு இரட்டிக்க எத்தனை வருடம் என்று கிட்டத்தட்ட வரும். 8% என்றால் 9 வருடம். 6% என்றால் 12. மாதம் நூற்றுக்கு மூன்று என்றால் 24 மாதம். மேலே சொன்ன கடன் கணக்கு இதுவே.

இதில் ஒரு எச்சரிக்கை. வருட வீதத்தால் வகுத்தால் விடை வருடத்தில் வரும், மாத வீதத்தால் வகுத்தால் மாதத்தில் வரும். இரண்டையும் குழப்பி "24 வருசத்திலதானே இரட்டிக்கும்" என்று கடன் வாங்கியவரைப் பார்த்திருக்கிறேன்.

5. அண்ணனும் தங்கையும்: முழுக் கணக்கு

முரசுமோட்டையில் ஒரு வீட்டில் அண்ணனும் தங்கையும் இருக்கிறார்கள் என்று வைப்போம். தங்கை இருபது வயதில் தையல் தொழிற்சாலை வேலைக்குப் போகிறாள். மாதம் 1,000 ரூபாவைச் சேமிப்புக் கணக்கில் ஒதுக்கி, வருட முடிவில் 12,000ஐ வைப்பில் போடுகிறாள். 21 வயதிலிருந்து 30 வயது வரை பத்துத் தடவை. அப்புறம் கல்யாணம், பிள்ளைகள். ஒரு சதமும் மேலதிகமாகப் போட முடியவில்லை. ஆனால் போட்டதை எடுக்கவும் இல்லை.

அண்ணன் "உழவு மெஷின் கடன் முடியட்டும், வீடு கட்டி முடியட்டும்" என்று முப்பது வயது வரை பார்த்துக்கொண்டிருக்கிறான். பிறகு 31இலிருந்து 60 வயது வரை, முப்பது வருடம், ஒரு வருடமும் தவறாமல் அதே 12,000 போடுகிறான்.

தங்கை போட்டது 120,000. அண்ணன் போட்டது 360,000. இருவருக்கும் 60 வயதாகும்போது அண்ணனிடம் 1,359,398 ரூபா இருக்கும். தங்கையிடம் 1,749,280 ரூபா இருக்கும்.

கூட்டத்தில் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நம்ப வேண்டியதில்லை, போனில் ஒரு விரிதாள் செயலியைத் திறந்து இந்த இரண்டு வரியையும் அடித்துப் பாருங்கள். முதல் வரி அண்ணன், இரண்டாவது தங்கை.

```
=FV(8%,30,-12000)
=FV(8%,10,-12000)*1.08^30
```

12000க்கு முன்னால் உள்ள கழித்தல் குறி, காசு உங்கள் கையை விட்டுப் போகிறது என்பதைக் குறிக்கிறது. அதை விட்டால் விடை கழித்தலில் வரும், பயப்பட வேண்டாம்.

ஏன் இப்படி வருகிறது என்பதற்கு ஒரே ஒரு 12,000 ரூபாவை மட்டும் பிடித்துப் பின்தொடருங்கள். 21 வயதில் போட்டது 60 வயதில் 241,384 ஆகிறது. 31 வயதில் போட்டது 111,807. 51 வயதில் போட்டது 23,988. கடைசியாக 60 வயதில் போட்டது 12,000ஆகவே நிற்கிறது. ஒரே தாள், ஒரே பெறுமதி. போட்ட வயதுதான் வேறு.

இன்னொன்றையும் கவனியுங்கள். வருடம் 12,000 போட்டுக்கொண்டு வந்தால் ஒன்பதாம் வருட முடிவில் 149,851 ரூபா சேர்ந்திருக்கும். அதற்கு அடுத்த வருடம் வரும் வட்டி 11,988. அதாவது அந்த வருடத்திலிருந்து நீங்கள் போடுவதற்குச் சமமாக வைப்பே தனக்குத் தானே போட்டுக்கொள்கிறது. தங்கை முப்பது வயதில் நிறுத்தினாலும் நட்டப்படாததற்கு இதுதான் காரணம். அவளுடைய இடத்தில் வட்டி தவணை கட்டத் தொடங்கிவிட்டது. 72ஐ 8ஆல் வகுத்து வந்த அந்த 9ம் இதுவும் ஒன்றுதான்.

6. இந்தக் கணக்கு எங்கே பொய்க்கும்

இதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக இருக்க மாட்டேன். தங்கை எப்போதும் வெல்வதில்லை. வட்டி 5% மட்டுமே என்றால் தங்கையிடம் 652,331, அண்ணனிடம் 797,266. அண்ணன் முந்திவிடுகிறான். இருவரும் சமமாகும் இடம் 6.3%க்குக் கிட்ட. அதற்கு மேலே போனால் தங்கை, கீழே போனால் அண்ணன்.

வட்டி வீதமும் நாற்பது வருடம் ஒரே இடத்தில் நிற்காது. 2022, 2023இல் வைப்பு வட்டி 20%ஐத் தாண்டியது, பிறகு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. யார் வெல்வார் என்று எவராலும் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் 5%இல் கூட, மூன்றில் ஒரு பங்கு காசு போட்ட தங்கை, அண்ணனின் தொகையில் ஐந்தில் நாலு பங்கைப் பிடித்துவிட்டாள். வீதம் எதுவானாலும் ஒன்று மாறாது. முதலில் போட்ட ஒவ்வொரு ரூபாவும் பிந்திப் போட்டதை விட அதிகமாக உழைக்கிறது.

7. பிந்தித் தொடங்குகிறவர்கள்

எங்கள் பக்கத்தில் 2009க்குப் பிறகு வெறுங்கையோடு காணிக்குத் திரும்பி, நாற்பது வயதில் முதலிலிருந்து தொடங்கியவர்கள் நிறைய. அவர்களிடம் "ஏன் இருபதில் தொடங்கவில்லை" என்று கேட்பதில் அர்த்தமில்லை.

கணக்கை மட்டும் சொல்கிறேன். தங்கையின் அதே 1,749,280 ரூபாவை அறுபதில் எட்ட, 31 வயதில் தொடங்குகிறவர் வருடம் 15,442 ரூபா போட வேண்டும். 41 வயதில் தொடங்குகிறவர் வருடம் 38,226 ரூபா போட வேண்டும். பத்து வருடம் பிந்த, சுமை இரண்டரை மடங்கு ஆகிறது.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நான் சொல்வது இரண்டு. அந்த 38,000ஐ நினைத்து ஒன்றுமே போடாமல் இருக்க வேண்டாம், முடிந்ததைப் போடுங்கள். கூடவே பிள்ளையின் பெயரிலும் ஒரு கணக்கைத் திறவுங்கள். வங்கிகளில் சிறுவர் கணக்கு இருக்கிறது, 18 வயது வரை சும்மா எடுக்க விடமாட்டார்கள். அந்தப் பூட்டு நல்லது. பிறந்தபோது போட்ட 10,000, 8% கிடைத்தால், 18 வயதில் கிட்டத்தட்ட 40,000. இரண்டு தடவை இரட்டித்திருக்கும்.

8. படிவத்தில் அந்த ஒரு கட்டம்

இப்போது வங்கிக்குப் போகலாம். நிலையான வைப்புப் படிவத்தில் இரண்டு கேள்விகளை நின்று நிதானமாகப் படியுங்கள். மற்றவற்றை அலுவலர் நிரப்பித் தருவார்.

முதலாவது, வட்டி எப்போது வேண்டும்? மாதாந்தமா, முதிர்விலா? முதிர்வில் என்று சொல்லுங்கள். மாதாந்தம் என்றால் வட்டி வைப்பை விட்டு வெளியேறி, குறைந்த வட்டி தரும் சேமிப்புக் கணக்குக்கு வருகிறது. அங்கே அட்டை இருக்கிறது, அட்டை இருந்தால் கை போகும். வட்டி குட்டி போட முதலே வீட்டை விட்டுப் போய்விடுகிறது. மாத வட்டிக்கு வங்கி தரும் வீதமும் வழக்கமாகக் கொஞ்சம் குறைவு.

இரண்டாவது, முதிர்ந்ததும் என்ன செய்ய வேண்டும்? இங்கே மூன்று தெரிவு இருக்கும். மூடிக் காசைத் தருவது, முதலை மட்டும் புதுப்பித்து வட்டியைக் கணக்கில் போடுவது, முதலையும் வட்டியையும் சேர்த்துப் புதுப்பிப்பது. மூன்றாவதுதான் வேண்டும். பலர் முதல் கேள்வியில் சரியாகச் சொல்லிவிட்டு இரண்டாவதில் "முதலை மட்டும்" என்பதில் விழுந்துவிடுகிறார்கள். ஒரு வருடம் கழித்து வட்டி தனியே கழன்று போய், மறுபடி தனி வட்டிக் கதைதான்.

சான்றிதழ் கையில் கிடைத்ததும் கவுண்டரை விட்டு நகர முன் இந்த இரண்டையும் அதில் தேடிப் பாருங்கள். பிழையென்றால் அப்போதே மாற்றித் தருவார்கள். பின்னுரித்தாளர் பெயரையும் அன்றே எழுதிவிடுங்கள், அது இல்லாமல் பின்னால் குடும்பம் அலைந்ததைக் கண்டிருக்கிறேன்.

மாத வட்டிதான் வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு, வயதான அம்மாமார் அந்தக் காசில்தான் மருந்து வாங்குகிறார்கள். அவர்களுக்கு அது சரியான தெரிவு. வளர்க்க நினைக்கிறவர்களுக்குத்தான் பிழை.

9. முதிர்வு நாளை அறுவடையோடு பொருத்துங்கள்

மாதச் சம்பளம் இல்லாத வீட்டில் "மாதம் 1,000" என்பது நடக்காது. மாசி, பங்குனியில் காலபோக நெல் விற்ற கையோடுதான் காசு தெரியும். சித்திரை வந்தால் அது கரைந்துவிடும்.

அதனால் வைப்பைப் பங்குனி மாதத்தில் ஒரு வருடத்துக்குத் தொடங்குங்கள். அடுத்த பங்குனியில் அது முதிரும் நாளும், உங்கள் கையில் புது நெல் காசு இருக்கும் நாளும் ஒன்றாக வரும். பழைய வைப்பையும் வட்டியையும் புதுக் காசையும் ஒன்றாகக் கூட்டி ஒரே வைப்பாகப் போடலாம். முதல் வருடம் 12,000. இரண்டாம் பங்குனியில் 12,960ம் புது 12,000ம் சேர்ந்து 24,960. மூன்றாம் பங்குனியில் 38,957. ஒரு சான்றிதழ், ஒரு திகதி, மறக்கவும் முடியாது.

முதிர்வு நாளுக்குச் சில நாள் முன்னரே வங்கிக்குச் சொல்லிவையுங்கள். பிந்தினால் வைப்புத் தானாகப் புதுப்பிக்கப்பட்டுவிடும், புதுக் காசைச் சேர்க்க இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டி வரலாம்.

விளைச்சல் பிழைத்த வருடத்தில் புதிதாக ஒன்றும் போட முடியாது. பரவாயில்லை, பழையதைத் தானாகப் புதுப்பிக்க விடுங்கள். அந்த வருடம் உரக்கடைக் கடனுக்கு வைப்பை உடைக்கத்தான் மனம் வரும். உடைக்க முன் அந்த வைப்பை வைத்துக் கடன் எடுக்கலாமா என்று கேளுங்கள். அதன் வட்டி வைப்பு வட்டியை விடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஆனால் அறுவடையோடு கட்டி முடிக்கலாம், வைப்பும் பழைய வயதோடு நிற்கும்.

சீட்டுப் பிடிக்கிறவர்களுக்கும் ஒரு சொல். சீட்டு நல்ல ஒழுக்கம், ஆனால் அதில் காசு சுற்றுகிறதே தவிர வளர்வதில்லை. சீட்டு விழுந்த அன்றே வைப்பில் போட்டால்தான் வளரத் தொடங்கும்.

10. வரியும் விலைவாசியும்

2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10%ஐ வரியாக வங்கி பிடித்துக்கொள்கிறது. முழுத் தொகையில் அல்ல, வட்டியில் மட்டும். 8% வட்டி கைக்கு 7.2% ஆகிறது. சின்ன விசயம் போலத் தெரியும், ஆனால் 10,000 ரூபா முப்பது வருடத்தில் 100,627க்குப் பதிலாக 80,500 அளவில்தான் நிற்கும். பிடித்த காசு மட்டுமல்ல, அது போட்டிருக்கக்கூடிய குட்டிகளும் போகின்றன.

வருட வருமானம் 18 லட்சத்தைத் தாண்டாதவர்கள் அதைச் சொல்லும் சுயபிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுத்து, பிடிக்காமல் விடும்படி கேட்கலாம். எங்கள் ஊரில் அநேகமாக எல்லாரும் இதற்குள் அடங்குவார்கள், ஆனால் கேட்டவர்கள் சிலர்தான். வரி வருடம் ஏப்ரல் 1இல் தொடங்குவதால், பங்குனியில் வைப்புக்குப் போகும்போதே அடுத்த வருடத்துக்கான படிவத்தையும் விசாரியுங்கள்.

விலைவாசி இதை விடப் பெரியது. விலைகள் வருடம் 5% ஏறினால், முப்பது வருடத்தில் வரும் 100,627 ரூபாவால் இன்றைய 23,300 ரூபாச் சாமான்தான் வாங்கலாம். பத்து மடங்கு என்பது உண்மையில் இரண்டே கால் மடங்கு. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண் ஒரு வருடத்தில் ஏறத்தாழ 70% ஏறியிருந்தது. அப்படிப்பட்ட வருடத்தில் எந்த வைப்பும் தாக்குப்பிடிக்காது.

அதனால் வருடாவருடம் போடும் தொகையை அப்படியே வைத்திருக்க வேண்டாம். நெல் விலை ஏறினால் அதோடு ஏற்றுங்கள். 12,000 என்று எண்ணுவதை விட "இரண்டு மூடை நெல்லின் விலை" என்பதைப் போல அளவு வைத்தால் தானாகவே ஏறும். எங்கள் சங்கத்தில் சிலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

11. எங்கே போடக்கூடாது

"மாதம் 10 வீதம் தருகிறோம்" என்று யாராவது வந்தால் 72ஐ எடுங்கள். ஏழு மாதத்தில் இரட்டிப்பு. அப்படி உழைக்கும் தொழில் ஒன்று இருந்தால் அவர் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து காசு கேட்க மாட்டார்.

மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகளின் பட்டியல் அதன் இணையத்தளத்தில் இருக்கிறது, தமிழிலும் பார்க்கலாம். அந்த நிறுவனங்களில் உள்ள வைப்புக்கு ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 1,100,000 ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. தேசிய சேமிப்பு வங்கி வைப்புக்கு அரச உத்தரவாதம் இருக்கிறது. காப்புறுதி எல்லையைத் தாண்டினால் இரண்டு இடத்தில் பிரித்துப் போடுங்கள். அரை வீதம் கூடக் கிடைக்கிறது என்று பெயர் தெரியாத இடத்துக்குப் போவது வேண்டாம். முதல் போனால் கூட்டு வட்டிக்குப் பெருக்க ஒன்றுமே இராது.

12. ஒவ்வொரு பங்குனியும் சரிபார்க்கும் முறை

கொப்பியின் கடைசி வரியில் உள்ள தொகையை எடுங்கள். சான்றிதழில் எழுதிய வீதத்தால் பெருக்கி வட்டியைக் கணக்கிடுங்கள். வரி பிடித்திருந்தால் அதில் பத்தில் ஒன்றைக் கழியுங்கள். மிச்சத்தைத் தொகையோடு கூட்டுங்கள். வங்கி தரும் புதிய தொகை அதோடு சில ரூபாவுக்குள் ஒத்துப்போக வேண்டும், நாட்கணக்கில் சின்ன வித்தியாசம் வரும்.

ஒத்துப்போகாவிட்டால் மூன்றில் ஒன்றுதான் காரணம். புதிய தொகை பழைய தொகையாகவே நின்றால், வட்டி தனியே கழன்று சேமிப்புக் கணக்குக்குப் போயிருக்கிறது, புதுப்பித்தல் தெரிவை மாற்றச் சொல்லுங்கள். சரியாகப் பத்தில் ஒரு பங்கு வட்டி குறைந்தால் வரி, சுயபிரகடனம் பதியப்பட்டதா என்று கேளுங்கள். வட்டி இதைவிட வேறுபட்டால், போன வருடம் தானாகப் புதுப்பித்தபோது வீதம் மாறியிருக்கிறது, சான்றிதழில் புது வீதத்தைப் பாருங்கள்.

பொலித்தீன் பையோடு வந்த அக்கா போன பங்குனியில் வட்டியைச் சேர்த்துப் புதுப்பித்துக்கொண்டார். அவருடைய சீ.ஆர். கொப்பியில் இப்போது ஒரு வரிதான் இருக்கிறது. அதற்கு அடுத்த வரியின் முதல் நிரலில், கடைசி எண்ணை இறக்கி, பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்.